சேனல்: மாஸ்ஃபெட்டுக்குள் உருவாகும் வாய்க்கால்

மின்னணுவியல் பாடத்தில் ‘சேனல்’ என்றால் சோர்ஸிலிருந்து டிரெயினுக்கு மின்னோட்டம் போகும் பாதை. பொருள் அவ்வளவுதான். ஆனால் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் குறுக்குவெட்டுப் படத்தில் அந்தப் பாதையைத் தேடினால், அதைக் கட்டுப்படுத்தும் கேட் என்ற முனைக்கு மின்னழுத்தம் கொடுக்காதவரை அது அங்கே இருக்காது. மின்னழுத்தம் ஏற ஏறத்தான் உருவாகும். எப்படி உருவாகிறது, அதைத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

சொல்லின் வேர் நாணல் தண்டில் இருக்கிறது. நாணலுக்கு லத்தீனில் ‘கன்னா’ என்று பெயர். அதிலிருந்து குழாய், பள்ளம் என்ற பொருளில் ‘கனாலிஸ்’ வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் ‘சேனல்’ ஆனது. வெட்டிய கால்வாயைக் குறிக்கும் ‘கனால்’ அதன் உடன்பிறப்பு.

டிரான்சிஸ்டருக்குள் இந்த நீர்ச்சொற்களைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷாக்லி. 1952இல் புலவிளைவு டிரான்சிஸ்டரைப் பற்றி எழுதிய கட்டுரையில் சோர்ஸ், கேட், டிரெயின் என்று முனைகளுக்குப் பெயர் வைத்தார். அவர் பேசியது சந்திப்பு வகைக் கருவியைப் பற்றி. அதில் குறைகடத்தியாலான பாதை முதலிலிருந்தே இருக்கும். கேட் இரு பக்கமும் நெருக்கி அதைக் குறுக்கும். 1959இல் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலாவும் டாவோன் காங்கும் சிலிக்கான் மேல் ஆக்சைடு வளர்த்து மாஸ்ஃபெட்டைச் செய்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. பெயர்கள் அப்படியே தொடர்ந்தன, பாதை மட்டும் முதலில் இல்லை. பாடப்புத்தகப் படத்தைப் பார்க்கும் மாணவர்கள் குழம்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். எலக்ட்ரான்கள் மின்னோட்டத்தைச் சுமக்கும் ‘என்’ (n) சேனல் மாஸ்ஃபெட்டையே எடுத்துக்கொள்ளலாம். கீழே பெரிய செவ்வகமாகப் பி வகை சிலிக்கான், இதுதான் உடல். மேற்பரப்பில் இடமும் வலமுமாக இரண்டு என் வகைக் குழிகள். ஒன்று சோர்ஸ், மற்றது டிரெயின். இரண்டுக்கும் நடுவே மேலே மெல்லிய சிலிக்கான் டையாக்சைடு, அதன்மேல் கேட். ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் கேட், ஆக்சைடு, உடல் மூன்றும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. கேட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான்கூடக் கீழே இறங்குவதில்லை. அதன் மின்புலம் மட்டுமே சிலிக்கானைத் தொடுகிறது. ‘புலவிளைவு’ என்ற பெயர் அதற்காகத்தான்.

கணக்குக்காகச் சில அளவுகளை வைத்துக்கொள்வோம். ஆக்சைடின் தடிமன் 20 நானோமீட்டர். உடலில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ போரான் அணுக்கள், அதாவது ஐந்து லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரு போரான். கேட் அடர்த்தியாக மாசூட்டிய என் வகைப் பாலிசிலிக்கான். (மாஸ்ஃபெட் என்ற பெயரின் முதல் எழுத்து உலோகத்தைக் குறித்தாலும் பல பத்தாண்டுகள் கேட் பாலிசிலிக்கானில்தான் செய்யப்பட்டது.) சோர்ஸும் உடலும் தரையோடு இணைந்திருக்கின்றன.

இந்த உடலுக்குள் ஆழத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ மின்துளைகள் இருக்கும். எலக்ட்ரான்களோ வெறும் ஆயிரம். சோர்ஸிலும் டிரெயினிலும் எலக்ட்ரான்கள் நிறைந்து கிடந்தாலும், நடுவே இருக்கும் பி வகைப் பகுதி ஒரு மேடாக நின்று அவற்றைத் தடுக்கிறது. சேனல் உருவாவது என்றால், ஆக்சைடுக்குச் சற்றுக் கீழே அந்த மேடு தணிந்து எலக்ட்ரான்கள் உள்ளே வருவது.

கேட்டில் 0 வோல்ட் இருக்கும்போது ஆக்சைடுக்குக் கீழே எதுவும் நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலான படங்கள் காட்டுகின்றன. நாம் எடுத்த உதாரணத்தில் அது சரியில்லை. என் வகைக் கேட்டும் பி வகை உடலும் இயல்பிலேயே வேறுபட்டவை என்பதால் வெளியிலிருந்து எதுவும் கொடுக்காமலே சுமார் 1 வோல்ட் அளவுக்கு உள்விளைவு இருக்கிறது. அதனால் மேற்பரப்பருகே மின்துளைகள் ஏற்கெனவே விலகியிருக்கும். அவை போன இடத்தில் அசையாத எதிர்மின் போரான் அயனிகள் மட்டும் மிஞ்சும். கடத்துவதற்கு எதுவும் இல்லாத இந்தப் பகுதிக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் ‘இயக்கமில்லாப் பகுதி’ என்று பெயர் தருகிறது, நல்ல சொல். கணக்குப் போட்டால் 0 வோல்ட்டிலேயே அதன் ஆழம் சுமார் 68 நானோமீட்டர் வருகிறது. உண்மையிலேயே எதுவும் நடக்காத நிலை வேண்டுமென்றால் கேட்டுக்கு சுமார் −1 வோல்ட் கொடுக்க வேண்டும்.

இப்போது கேட்டை 0.4 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். மின்துளைகள் இன்னும் கீழே தள்ளப்பட்டு, இயக்கமில்லாப் பகுதி 87 நானோமீட்டர் அளவுக்கு ஆழமாகும். மேற்பரப்பில் எலக்ட்ரான் அடர்த்தி ஆயிரத்திலிருந்து 5×10¹² வரை போய்விடும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் போரான் அடர்த்தியோடு ஒப்பிட்டால் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். படத்தில் வரைய ஒன்றுமில்லை.

எண்ணிக்கை இவ்வளவு வேகமாக ஏறக் காரணம், அது அடுக்குக்குறி முறையில் கூடுவது. மேற்பரப்பின் மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் கூடினால் அங்கே எலக்ட்ரான் அடர்த்தி பத்து மடங்காகும். ஆயிரத்திலிருந்து 10¹⁷ஐத் தொடப் பதினான்கு முறை பத்து மடங்காக வேண்டும்; அதற்கு மேற்பரப்பில் சுமார் 0.83 வோல்ட் தேவை. கேட் ஏறக்குறைய 0.8 வோல்ட்டைத் தொடும்போது இது நிறைவேறுகிறது. இரண்டு எண்களும் அருகருகே இருப்பது தற்செயல். கேட்டில் கொடுப்பதில் ஒரு பங்கை ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. முன்பு சொன்ன உள்விளைவு அதை ஈடுகட்டிவிடுகிறது.

மேற்பரப்பு எலக்ட்ரான் அடர்த்தி, உடலின் மின்துளை அடர்த்திக்குச் சமமாகும் இந்தக் கட்டத்தைத்தான் பயன்தொடக்க மின்னழுத்தம் என்கிறோம். பி வகையாக இருந்த சிலிக்கான் அந்த மெல்லிய பரப்பில் மட்டும் என் வகைபோல நடந்துகொள்கிறது. போரான் போய்விடவில்லை, எலக்ட்ரான்கள் அதை மிஞ்சிவிட்டன. வகை மாறிய இந்தப் படலத்துக்குத் ‘தலைகீழ் அடுக்கு’ என்று பெயர் வைக்கலாம். சேனல் என்பது இதுவே.

இதற்கு மேல் கேட்டை ஏற்றும்போது படம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. இயக்கமில்லாப் பகுதி சுமார் 104 நானோமீட்டரில் ஏறக்குறைய நின்றுவிடும். கேட்டில் கூடுதலாக வரும் மின்னூட்டத்துக்கு ஈடாக இனி போரான் அயனிகளைத் தோண்ட வேண்டியதில்லை. மேற்பரப்பு மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலே வேண்டிய எலக்ட்ரான்கள் வந்துவிடுகின்றன. 2.8 வோல்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் இரண்டு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் சேரும். பயன்தொடக்கத்துக்கு மேலே மின்னூட்டம் நேர்கோட்டில் கூடுகிறது. Qn என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் சேரும் எலக்ட்ரான் மின்னூட்டத்தின் அளவு, Cox அதே பரப்புக்கு ஆக்சைடின் கொள்ளளவு, VGS சோர்ஸிலிருந்து அளந்த கேட் மின்னழுத்தம், VT பயன்தொடக்க மின்னழுத்தம்:

```
Qn = Cox × (VGS − VT)
```

இங்கே படத்தின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புத்தகங்கள் சேனலைத் தடித்த பட்டையாகத் தீட்டுகின்றன. உண்மையில் எலக்ட்ரான்கள் ஆக்சைடை ஒட்டிச் சில நானோமீட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. இயக்கமில்லாப் பகுதியை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரைந்தால், ஆக்சைடு 2 சென்டிமீட்டர், சேனல் சில மில்லிமீட்டர். ஒரு முறை இந்த அளவில் தாளில் வரைந்து பாருங்கள். ஆக்சைடுக்கும் சிலிக்கானுக்கும் இடையிலுள்ள பரப்பு ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது உடனே விளங்கும். அந்தப் பரப்பில் இருக்கும் குறைகள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொண்டதுதான் 1940களில் இதே முயற்சியைத் தோற்கடித்தது. வெப்பத்தில் வளர்த்த ஆக்சைடு அந்தக் குறைகளை அடக்குகிறது என்று அட்டாலா காட்டிய பிறகே மாஸ்ஃபெட் சாத்தியமானது.

அப்புறம், இந்த எலக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? உடலிலிருந்து கேட் அவற்றை இழுக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே இருப்பதே கன சென்டிமீட்டருக்கு ஆயிரம்தான், அது போதவே போதாது. அவை வருவது பக்கத்திலிருக்கும் என் வகைக் குழிகளிலிருந்து, முக்கியமாகச் சோர்ஸிலிருந்து. சோதித்தும் பார்க்கலாம். சோர்ஸும் டிரெயினும் இல்லாமல் வெறும் மின்தேக்கியாகச் செய்து இருட்டில் வைத்துத் திடீரென மின்னழுத்தம் கொடுத்தால், தலைகீழ் அடுக்கு உருவாக நொடிக்கணக்கில்கூட ஆகும். வெப்பத்தால் ஒவ்வொன்றாகப் பிறக்கும் எலக்ட்ரான்களுக்கு அது காத்திருக்க வேண்டும். வேகமாக மாறும் சைகையால் கொள்ளளவை அளந்தால், மின்னழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது தாழ்ந்தே நிற்கும். பக்கத்தில் ஒரு சோர்ஸை வைத்து உடலோடு இணைத்துவிட்டால், பயன்தொடக்கத்தைத் தாண்டியதும் கொள்ளளவு முழு ஆக்சைடு அளவுக்குத் திரும்பிவிடும்.

இதுவரை டிரெயினில் மின்னழுத்தம் இல்லை அல்லது மிகக் குறைவு என்று கொண்டோம்; அப்போது சேனல் எங்கும் ஒரே சீராக இருக்கும். டிரெயினை ஏற்றினால் அந்தப் பக்கத்தில் கேட்டின் பிடி தளர்ந்து, சேனல் சரிந்த ஆப்புபோல மெலியும். மேலுள்ள எளிய சூத்திரத்தின்படி, கேட்டில் 2.8 வோல்ட் இருக்கும்போது டிரெயின் சுமார் 2 வோல்ட்டைத் தொட்டால் அந்த முனையில் சேனல் அற்றுப்போகும். மின்னோட்டம் நிற்காது. முனைக்கு வரும் எலக்ட்ரான்களை அங்குள்ள வலுவான மின்புலம் டிரெயினுக்குள் வாரிக்கொள்ளும். மின்னோட்டம் கூடுவதுதான் ஏறக்குறைய நின்றுபோகும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தொலைக்காட்சி சேனலுக்கு வழங்கும் ‘அலைவரிசை’ இங்கே உதவாது. ‘தடம்’ என்று எழுதலாம், பிழையில்லை. எனக்கு வாய்க்கால்தான் சரியாகப் படுகிறது. ஷாக்லி வைத்தவை நீர்ச்சொற்கள். தமிழிலும் அந்தக் குடும்பம் சிதறாமல் கிடைக்கிறது. சோர்ஸ் மூலம், டிரெயின் வடிகால், சேனல் வாய்க்கால். கேட்டை ‘வாயில்’ என்று பெயர்ப்பது வழக்கம். ஆள் நுழையும் வாசலை அது நினைவூட்டுகிறது, கேட் வழியாகவோ எதுவும் நுழைவதில்லை. ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘மதகு’ இன்னும் பொருந்தும். சுற்றுப்படத்தில் வரும் குறியீடும் இந்த வாய்க்காலின் தன்மையைச் சொல்கிறது. வழக்கமான வகைக்கு அது மூன்று துண்டாக முறிந்த கோடு, அதாவது தொடக்கத்தில் வாய்க்கால் இல்லை. செய்யும்போதே வாய்க்கால் பதித்த வகைக்குக் கோடு முறியாமல் ஓடும்.

நடைமுறையில் அதிகம் தவறுவது பயன்தொடக்க எண்ணைப் படிப்பதில். அதற்குக் கீழேயும் சில எலக்ட்ரான்கள் இருப்பதை மேலே பார்த்தோம்; மின்னோட்டம் சட்டென்று பூஜ்யத்திலிருந்து எழுவதில்லை. அதனால் தரவுத்தாள்கள் ஒரு சிறு மின்னோட்டத்தைக் குறித்துவைத்து, அது ஓடும் மின்னழுத்தத்தைப் பயன்தொடக்கம் என்று தருகின்றன. IRFZ44N என்ற திறன் மாஸ்ஃபெட்டுக்கு அது 250 மைக்ரோஆம்பியரில் 2 முதல் 4 வோல்ட். அதன் உள்ளமைப்பில் டிரெயின் அடியில் இருந்தாலும், வாய்க்கால் கேட்டுக்குக் கீழே இதே முறையில்தான் உருவாகிறது. 3.3 வோல்ட் தரும் மைக்ரோகன்ட்ரோலரோடு இதை நேரடியாக இணைத்து மோட்டாரை ஓட்டப் பார்ப்பவர்கள் நிறைய. கையில் கிடைத்த துண்டின் பயன்தொடக்கம் 2 வோல்ட் என்றால் ஓரளவு ஓடும், 3.5 என்றால் அசையாது. ஓடினாலும் வாய்க்கால் மெல்லியது. தடை கூடி மாஸ்ஃபெட் கையை வைக்க முடியாதபடி சுடும். தரவுத்தாள் சொல்லும் 17.5 மில்லிஓம் என்ற உச்சத் தடை, கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது அளந்தது. பார்க்க வேண்டிய வரி அது; 3.3 வோல்ட்டில் ஓட்டுவதானால் அந்த மின்னழுத்தத்துக்கே தடை குறிப்பிட்டிருக்கும் வேறொரு மாஸ்ஃபெட்டைத்தான் வாங்க வேண்டும்.