நட்சத்திரத்தின் வயிறு பதினாறு சென்டிமீட்டர்

டிசம்பர் பிறந்ததும் எனக்கு வரும் அழைப்புகளில் ஒன்றாவது கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கைப் பற்றியதாக இருக்கும். எலக்ட்ரீஷியன் வேலையோடு, திருவருகைக் காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூங்கில் நட்சத்திரம் கட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் ஃப்யூஸ் போய்விட்டதென்று அழைத்தார்கள். முன்வாசலில் தொங்கிய சிவப்பு நட்சத்திரத்தை இறக்கிப் பார்த்தேன். முன்பக்கத் தாளின் நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு வட்டம். தொட்டதும் அந்த இடம் அப்பளம்போல் நொறுங்கியது. உள்ளே 60 வாட் குண்டு பல்பு, தாளில் சாய்ந்து கிடந்தது. ஹோல்டர் அருகே வயரின் உறை உருகி இரண்டு கம்பிகளும் ஒட்டியிருந்தன. ஃப்யூஸ் போனதால் அந்த வீடு தப்பியது.

பல்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நட்சத்திரத்துக்கு வயிறே இல்லை. முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் பிரித்து நிறுத்தும் நடுக்கட்டைகளை ஏழெட்டு சென்டிமீட்டரில் வெட்டியிருந்தார்கள். கட்டுவதற்கு அது எளிது, மூங்கிலை அதிகம் வளைக்க வேண்டாம். ஆனால் பல்பு நிற்க இடம் இருக்காது. முதல் முறை கட்டுபவர்கள் இந்த ஒரு அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவை பத்து மூங்கில் சிம்புகள். ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் நீளம், ஒரு விரல் அகலம், மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம். பச்சை மூங்கிலானால் சீவிய பிறகு நான்கைந்து நாள் நிழலில் காய வையுங்கள். இல்லாவிட்டால் கட்டிய பின் சிம்பு சுருங்கி, நூல் தளர்ந்து, சட்டம் ஆடத் தொடங்கும். சிம்பை இரு கையிலும் பிடித்து வில்லாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விறைப்பாக இருந்தால் அங்கே இன்னும் சீவ வேண்டும்.

ஒவ்வொரு சிம்பிலும் இரு முனைகளிலிருந்தும் 28.6 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். கோலத்தில் கையெடுக்காமல் போடும் ஐந்து முனை நட்சத்திரத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வேறு நீளத்தில் சிம்பு எடுத்தால் நீளத்தை 0.382ஆல் பெருக்குங்கள். கோடு விழும் இடத்தில் கணு இருந்தால் அந்தச் சிம்பை மாற்றிவிடுங்கள். வளைக்கும்போது பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்.

தரையில் ஐந்து சிம்புகளை நட்சத்திரமாக அடுக்கி, ஒவ்வொரு சிம்பும் ஒரு கோட்டில் மற்றொன்றின் மேலும் அடுத்த கோட்டில் கீழும் போகும்படி பின்னுங்கள். பாய் முடைவதுபோல் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். பிறகு ஐந்து முனைகளையும் ஐந்து வெட்டுமிடங்களையும் கெட்டி நூலால் கட்டுங்கள். சட்டம் சரியா என்று கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே ஐந்து இடத்திலும் 46 சென்டிமீட்டர் சொச்சம் வரவேண்டும். ஓரிடம் 44, இன்னோரிடம் 48 என்றால் இப்போதே நகர்த்திச் சரிசெய்துவிடுங்கள். இதே அளவில் இரண்டாவது சட்டத்தையும் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டவேண்டும்.

இப்போது நடுக்கட்டை. 16 சென்டிமீட்டரில் ஐந்து குச்சிகள் வெட்டி, இரு முனையிலும் சிறிய பிளவு எடுங்கள். சிம்பு அந்தப் பிளவில் உட்காரவேண்டும். சட்டத்தை ஒரு மணி நேரம் நீரில் ஊறப்போட்டால் மூங்கில் இளகும். ஐந்து குச்சிகளையும் வெட்டுமிடங்களுக்கு அருகே முதலில் சாய்வாகச் செருகி, பிறகு ஒவ்வொன்றையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். ஒரு குச்சியை முழுதாக நிமிர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசிக் குச்சிக்கு இடம் கொடுக்காமல் சட்டம் முறுக்கிக்கொள்ளும். போன வருடம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்த இடத்தில் சிரமப்பட்டு, “அண்ணா, குச்சியைக் கொஞ்சம் ஒடித்துவிடட்டுமா?” என்று கேட்டாள். ஒடிக்க வேண்டாமென்று சொல்லி, விறைப்பாக நின்ற சிம்பை உள்பக்கம் இன்னும் இரண்டு முறை சீவச் சொன்னேன். அதன் பிறகு குச்சி தானாக நிமிர்ந்து நின்றது. வளையாததற்குக் காரணம் பெரும்பாலும் சிம்பின் கனம்தான். குச்சியின் நீளத்தில் கை வைக்காதீர்கள்.

தாள் ஒட்டுவதற்கு முன்பே விளக்கைப் பொருத்திவிடுங்கள். மேல் முனையின் அடியில் இருக்கும் இரண்டு நடுக்கட்டைகளின் நடுவே குறுக்காக ஒரு சிம்பைக் கட்டி, அதன் மையத்தில் ஹோல்டரை இறுக்கிக் கட்டுங்கள். வயரில் மட்டும் தொங்கவிட்டால் காற்றில் ஆடிப் பல்பு தாளில் மோதும். நட்சத்திரத்தின் பாரத்தையும் வயர் தாங்கக் கூடாது. மேல் முனையில் தனிக் கயிறு கட்டித்தான் தூக்கவேண்டும். வயர் பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒட்டுப்போடாத ஒரே துண்டாக இருக்கட்டும். டேப் சுற்றிய இணைப்பு மார்கழிப் பனியில் நனைந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

பல்பு 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. போதும். 16 சென்டிமீட்டர் வயிற்றின் நடுவே ஆறு சென்டிமீட்டர் தடிமனுள்ள பல்பு நின்றால் இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியேற்றும் என்பதால் அதைத் தாளுக்குள் வைக்கவே வேண்டாம். எல்.இ.டி.யிலும் சூடு உண்டு, ஆனால் கழுத்துப் பகுதியில் இருக்கும். அது தாளையோ வயரையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்.இ.டி. கீழ்நோக்கியே அதிகம் வெளிச்சம் தரும். மேல் முனை மங்கலாகத் தெரியும். அது பிடிக்காதவர்கள், கண்ணாடிக்குள் இழைகள் தெரியும் வகை எல்.இ.டி. வாங்கலாம்.

தாளுக்குப் பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாள் போதும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சினால் பசை. மேல் முனையின் பக்கவாட்டு முக்கோணங்கள் இரண்டைத் தவிர, மொத்தம் பதினெட்டு முக்கோணங்களும் இரண்டு ஐங்கோணங்களும் ஒட்டவேண்டியிருக்கும். அளந்து வெட்டாமல், தாளைச் சட்டத்தின்மேல் விரித்து, சிம்பின் ஓரமாகப் பென்சிலால் வரைந்து, ஒன்றரை சென்டிமீட்டர் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். கையால் கட்டிய சட்டத்தில் எந்த இரண்டு முக்கோணமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பசை காய்ந்ததும் நீரை மெல்லத் தெளித்தால், உலரும்போது தாள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாயம் போகும் தாளா என்று ஒரு துண்டில் முன்பே பார்த்துவிடுங்கள்.

மேல் முனையின் அந்தப் பக்கவாட்டு முக்கோணங்கள் இரண்டையும் ஒட்டாமல் விடவேண்டும். வயர் அந்த வழியாக வரும், சூடும் அந்த வழியாகப் போகும். பல்பு மாற்றவும் அதுதான் வாசல், பிளக்கைப் பிடுங்கிய பிறகு மட்டும். சுவிட்சை அணைத்தால் போதுமென்று கையை விடாதீர்கள். இருமுனை பிளக்கை எப்படிச் செருகினோம், சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஹோல்டரில் மின்சாரம் நிற்கலாம்.

தமிழகத்தில் டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்பதால் தாழ்வாரத்துக்குள்ளேயே தொங்கவிடுங்கள். முதல் இரவு அரை மணி நேரம் எரியவிட்டு, புறங்கையை முன்பக்க ஐங்கோணத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். தாளில் சூடு தெரியக் கூடாது. தெரிந்தால் பல்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு, குறுக்குச் சிம்பின் கட்டை அவிழ்த்து மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை விளக்கு தொங்கும் வீடுகளில், புத்தாண்டுக்கு முன் ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்குள் நூல் தளர்ந்திருக்கும்.