பூஜை அழைப்பிதழ் முகவரி மாற்ற அறிவிப்பு ஆகாது

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால், அலுவலகத்தை இடம் மாற்றும் நிறுவனங்கள் எங்களைப் போன்ற நிறுவனச் செயலர்களிடம் வரிசையாக வரத் தொடங்கும். எங்களிடம் அவர்கள் ஒப்படைக்கும் வேலை, கம்பெனிப் பதிவாளரிடம் படிவம் தாக்கல் செய்வதும் ஜிஎஸ்டி பதிவில் முகவரியைத் திருத்துவதும் ஆகும். அதற்கான ஆவணங்களைக் கேட்கும்போதே, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல் ஒன்றையும் நான் கேட்பது வழக்கம். பெரும்பாலானோர் எடுத்து நீட்டுவது பிள்ளையார் படம் போட்ட பூஜை அழைப்பிதழைத்தான். "எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் சார், எல்லாருக்கும் தெரியும்" என்ற வாக்கியமும் கூடவே வரும். இந்த ஆண்டும் அதைக் கேட்டுச் சலித்துப் போனதால் இதை எழுதுகிறேன்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூற்பாலைகளில் பயன்படும் டிரைவ், கண்ட்ரோல் போர்டு ஆகியவற்றைப் பழுது நீக்கித் தரும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் அது. கோவை காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டிக்கு மாறியது. அழைப்பிதழில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பூஜை என்று போட்டிருந்தார்கள். பூஜை அன்றுதான் நடந்தது. ஆனால் புதிய கட்டடத்தில் மும்முனை மின் இணைப்பு அப்போது வந்திருக்கவில்லை. பழுது பார்க்கும் மேசைகளும் சோதனைக் கருவிகளும் காந்திபுரத்திலேயே இருந்தன. அவை வந்து சேர மேலும் பத்து நாட்கள் ஆயின.

திருப்பூர்ப் பக்கத்து ஆலை ஒன்று, அழைப்பிதழில் உள்ள தேதியிலிருந்து வேலை புதிய இடத்தில் நடக்கும் என்று இயல்பாகவே எண்ணிக்கொண்டு, மறுநாள் ஒரு டிரைவை வேனில் ஏற்றி அனுப்பியது. வந்த ஆட்கள் வாழைமரம் கட்டிய வாசலையும் பூட்டிய கதவையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ராஜபாளையத்து ஆலையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அழைப்பிதழ் அங்கே முதலாளியின் கைபேசிக்குப் போயிருந்தது, ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்குப் போகவில்லை. அவர் மூன்று வாரம் கழித்து, எப்போதும்போல் காந்திபுரம் முகவரியை எழுதி ஒரு போர்டைக் கூரியரில் அனுப்பினார். அங்கே புதிதாகக் குடிவந்தவரின் காவலாளி கையெழுத்துப் போட்டு வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார். "சேர்ப்பிக்கப்பட்டது" என்று கூரியர் பதிவு காட்டியதால் யாரும் தேடவில்லை. அந்தப் போர்டு இல்லாமல் இயந்திரம் ஓடாமல் நின்ற நாட்களுக்கு யார் பொறுப்பு என்ற வாக்குவாதம்தான் அவர்களை என்னிடம் கொண்டுவந்தது.

அழைப்பிதழ் ஏன் அறிவிப்பு ஆகாது என்பதை ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழ் முகூர்த்த நேரத்தைச் சொல்கிறது. பழைய இடத்தில் சரக்கு வாங்குவது எப்போது நிற்கும், புதிய இடத்தில் எப்போது தொடங்கும் என்பதைச் சொல்வதில்லை. அது உரிமையாளருக்குப் போகிறது. முகவரியை நாள்தோறும் கையாளும் கொள்முதல், ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவுகளுக்குப் போவதில்லை. அதில் "இன்ன பேக்கரிக்கு எதிரில்" என்று இருக்கும். கதவு எண்ணும் பின்கோடும் பல வேளைகளில் இருக்காது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்தது என்பதற்கு அவர் படத்தைத் திறந்தார் என்பது மட்டுமே பொருள். அவருடைய நிறுவனம் தன் பதிவேட்டில் முகவரியை மாற்றிக்கொண்டது என்பது பொருளன்று. பூஜைக்கு நேரில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன வாடிக்கையாளரின் அலுவலகமே அடுத்த வாரம் பழைய முகவரிக்குக் கொள்முதல் ஆணை அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணினியில் இருப்பது பழைய முகவரி. கணினி பூஜைக்கு வரவில்லை.

அழைப்பிதழ் தாராளமாக அடியுங்கள். அது வேறு, அறிவிப்புக் கடிதம் வேறு. கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையொப்பத்தோடு, இடம் மாறுவதற்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரம் முன்னதாகப் போக வேண்டும். அதில் "அடுத்த மாதம் முதல்" என்று எழுதாதீர்கள். மேற்சொன்ன நிறுவனத்துக்கு நான் பிறகு எழுதிக் கொடுத்த மாதிரியின் நடுப்பகுதி இது:

"29.08.2025 வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை பழுது பார்க்க வேண்டிய பொருட்களைக் காந்திபுரம் முகவரியில் பெற்றுக்கொள்வோம். 30, 31 ஆகிய இரு நாட்களும் இரண்டு முகவரிகளிலும் பொருட்களைப் பெற இயலாது. 01.09.2025 திங்கட்கிழமை காலை 9.30 மணி முதல் சரவணம்பட்டி முகவரியில் மட்டுமே பெறுவோம். ஏற்கெனவே எங்களிடம் உள்ள பொருட்களின் பழுது நீக்கும் பணி 28.08.2025 முதல் 03.09.2025 வரை நடைபெறாது. அவற்றைத் திருப்பி அளிக்கும் தேதியைத் தனித்தனியே தெரிவிப்போம். இந்நாட்களில் தரைவழித் தொலைபேசி இயங்காது. கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறவில்லை."

பழைய இடத்தின் கடைசி நேரம், புதிய இடத்தின் முதல் நேரம், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் இதில் தனித்தனியே இருப்பதைக் கவனியுங்கள். இடைவெளியே இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான் எல்லாருக்கும் ஆசை. "தடையற்ற சேவை தொடரும்" என்று எழுதிவிட்டு நான்கு நாள் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதைவிட, ஏழு நாள் பழுது பார்க்க இயலாது என்று முன்கூட்டியே எழுதுவது நல்லது. ஆலைக்காரர் தன் அவசர வேலையை அதற்கு முன்பே அனுப்பிவிடுவார். தரைவழி இணைப்பையும் பிராட்பேண்டையும் மாற்றித் தருவதற்குச் சேவை நிறுவனம் சொல்லும் நாளை அப்படியே நம்பித் தேதி போடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்து, அதே கடிதத்தைக் கணக்குப் பிரிவுக்குத் தனியாக அனுப்புங்கள். பெரிய ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு ஆகியவை விற்பனையாளர் பதிவேட்டில் இருக்கும். அதிலுள்ள முகவரியும் உங்கள் பில்லில் உள்ள முகவரியும் ஒத்துப்போகாவிட்டால் பில் நின்றுவிடும். முகவரியைத் திருத்தத் திருத்தப்பட்ட ஜிஎஸ்டி சான்றிதழைக் கேட்பார்கள். இந்த நிறுவனம் புதிய முகவரியில் பில் அடிக்கத் தொடங்கிய நாளில் ஜிஎஸ்டி திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் பணம் ஒரு மாதத்துக்கும் மேல் நின்றது. சட்டம் சொல்வது, மாற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் REG-14 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது. முதன்மை வணிக இடத்தை மாற்ற அதிகாரியின் ஒப்புதல் தேவை. அவர் விளக்கம் கேட்டால் மேலும் நாள் ஆகும். எனவே வாடகை ஒப்பந்தமும் மின் கட்டண ரசீதும் கைக்கு வந்தவுடன் புதிய இடத்தைக் கூடுதல் வணிக இடமாக முதலில் சேர்த்துவிட்டு, குடிபெயர்ந்த பிறகு அதை முதன்மை இடமாக மாற்றும்படி என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் அங்கே புதிய பதிவே எடுக்க வேண்டும், ஜிஎஸ்டி எண்ணே மாறும், அதையும் கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

கம்பெனிப் பதிவாளரிடம் நிறுவனத்தின் முகவரியாகப் பதிந்துள்ள பதிவு அலுவலகமும் மாறுகிறதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பதிவு அலுவலகத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் அங்கே வரும் கடிதங்களை வாங்கி ஒப்புகை தர ஆள் இருக்க வேண்டும். வாடகையை முடித்துக்கொண்டு சாவியை ஒப்படைத்துவிட்ட இடம் பதிவு அலுவலகமாக நீடிக்க முடியாது. பதிவு அலுவலகம் மாறினால் 30 நாட்களுக்குள் INC-22 படிவம் தாக்கலாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ₹1,000 வீதம், ₹1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அதே நகர எல்லைக்குள் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். எல்லையைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

ஒப்பந்தம் போட்டுக்கொண்டுள்ள கூட்டாளிகளுக்கு மின்னஞ்சல் மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், டீலர் ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம் எதுவானாலும் கடைசிப் பக்கங்களில் அறிவிப்புகள் பற்றிய ஒரு பிரிவு இருக்கும். முகவரி மாறினால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்கும் வரை பழைய முகவரிக்கு அனுப்பியதே செல்லும் என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதை யாரும் படிப்பதில்லை. எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகவோ, நிலுவைக்காகவோ அனுப்பும் நோட்டீஸ் காந்திபுரத்துக்குப் போய்த் திரும்பினாலும், சரியான முகவரிக்கு அனுப்பப்பட்டதாகவே வாதிட அவர்களுக்கு இடம் உண்டு. "எனக்குக் கிடைக்கவில்லை" என்பதை நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும். ஆகவே ஒப்பந்தங்களை எடுத்து வைத்து, அந்தப் பிரிவு சொல்லும் வழியிலேயே, ஒப்புகையோடு கடிதம் அனுப்புங்கள். ஒப்புகை அட்டைகளைக் கோப்பில் வையுங்கள்.

கடிதத்தில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: "எங்கள் வங்கிக் கணக்கு விவரங்களில் எந்த மாற்றமும் இல்லை." இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இடமாற்றச் செய்தி வெளியே தெரிந்ததும், உங்கள் மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, "அலுவலகத்தோடு வங்கியையும் மாற்றிவிட்டோம், இனி இந்தக் கணக்கில் செலுத்துங்கள்" என்று மோசடிக்காரர்கள் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. உண்மையிலேயே வங்கியும் மாறுகிறது என்றால் அதைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள், அல்லது தனிக் கடிதத்தில் தெரிவித்து, சரிபார்க்க ஏற்கெனவே அவர்களிடம் உள்ள எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே தந்துள்ள எண்ணுக்கு அழைத்துச் சரிபார்ப்பது சரிபார்ப்பே அன்று.

பழைய இடத்தை ஒப்படைக்கும்போது வீட்டு உரிமையாளரிடமும், முடிந்தால் புதிதாக வருபவரிடமும், உங்கள் பெயருக்கு வரும் எதையும் கையெழுத்திட்டு வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பார்சல் திரும்பிப் போனால் அனுப்பியவர் உங்களை அழைப்பார். யாரோ வாங்கி வைத்தால் அழைக்க மாட்டார். தபால்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுமாறு பழைய பகுதி அஞ்சலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். அந்த ஏற்பாடு தனியார் கூரியருக்குச் செல்லாது. கூகுள் வரைபடத்தில் முகவரியைக் கடைசி நாள் மாலை மாற்றுங்கள், ஒரு வாரம் முன்னதாக வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, கடந்த ஓராண்டில் பொருள் அனுப்பிய ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஸ்டோர்ஸுக்கும் ஒருவரை உட்காரவைத்துத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி, "உங்கள் பதிவேட்டில் எங்கள் முகவரி என்னவென்று படித்துக் காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய பின்கோடான 641012 என்று யார் படித்தாலும், அவருக்குக் கடிதத்தை மறுபடி அனுப்புங்கள்.