மெகாபிக்சலுக்குத் ‘தெளிவுத்திறன்’ என்ற பெயர் எப்படி ஒட்டியது?

“108 மெகாபிக்சல் தெளிவுத்திறன் கொண்ட கேமரா; இரவிலும் தெளிவான படங்கள்.” புதிய போன் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. எண் மட்டும் 50, 64, 200 என்று மாறும். இதில் ரெசல்யூஷனுக்குத் தமிழாக வழங்கும் ‘தெளிவுத்திறன்’ என்ற சொல் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. அதைப் படித்துவிட்டு எண் பெரிதாக உள்ள போனை வாங்குகிறவர், மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் முகமெல்லாம் மணல் தூவியது போல இருப்பதைப் பார்த்து, தனக்குத்தான் படம் எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிக்சல் என்பது ‘படக்கூறு’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டியது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன விண்கலங்களின் படங்களைக் கையாண்ட ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் ஃபிரெடரிக் பில்லிங்ஸ்லி 1965இல் அதை அச்சில் பயன்படுத்தினார். தமிழில் படப்புள்ளி என்கிறோம். நல்ல சொல், மாற்ற வேண்டியதில்லை. மெகா என்பது கிரேக்கம். பெரியது என்று பொருள், அளவையில் பத்து லட்சம். லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஒளித்துளையைக் குறிக்கும் அபர்ச்சர், ‘திற’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. லென்ஸுக்குப் பின்னால் இருந்து அந்த வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாருக்கு உணரி என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

ஆக 108 மெகாபிக்சல் என்றால் 10 கோடியே 80 லட்சம் படப்புள்ளிகள். அவ்வளவுதான் அதன் பொருள். அது வெறும் எண்ணிக்கை. அதில் தெளிவும் இல்லை, திறனும் இல்லை.

தெளிவு என்பதற்குத் தமிழில் பழைய, உறுதியான பொருள் இருக்கிறது. கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளிகிறது. தெளிவுக்கு எதிர்ச்சொல் கலங்கல். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நாம் காணும் புள்ளிப்புள்ளியான அழுக்கு, நிறத் திட்டு, நிழலில் ஊதா படர்வது எல்லாம் கலங்கல்தான். அதை ‘இரைச்சல்’ என்று எழுதுகிறார்கள். ஒலிக்கு உரிய சொல்லைக் கண்ணுக்குத் தெரிவதன்மேல் போட்டது பொருந்தவில்லை. படக் கலங்கல் என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். கலங்கலைக் குறைப்பது எதுவோ அதற்குத்தான் தெளிவு என்ற சொல் போக வேண்டும். அது உணரியின் பரப்புக்கும் ஒளித்துளையின் அகலத்துக்கும் உரியது. அதைப் பிடுங்கிப் புள்ளிக் கணக்கின் தலையில் சூட்டியிருக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர விலைப் போன்களில் வரும் 108 மெகாபிக்சல் உணரி ஒன்றில் ஒரு புள்ளியின் பக்கம் 0.64 மைக்ரோமீட்டர். மொத்த உணரி சுமார் 7.7க்கு 5.8 மில்லிமீட்டர், பரப்பு 44 சதுர மி.மீ. சோனியின் ‘ஓரங்குல’ வகை உணரியான ஐ.எம்.எக்ஸ்.989இல் புள்ளிகள் 5 கோடிதான். ஆனால் ஒரு புள்ளியின் பக்கம் 1.6 மைக்ரோமீட்டர், உணரியின் பரப்பு 129 சதுர மி.மீ. அருகில். முதலாவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சியோமி 13 புரோவில் இருப்பது இதுதான்.

இரண்டையும் ஒரே தெருவிளக்கின் கீழ், ஒரே ஷட்டர் நேரத்தில், ஒளித்துளையைக் குறிக்கும் f-எண்ணும் ஒன்றாக இருக்கும்படி வைப்போம். சின்னப் புள்ளி ஒன்றில் 100 ஒளித்துகள்கள் விழுகின்றன என்று கொண்டால், பெரிய புள்ளியின் பரப்பு ஆறேகால் மடங்கு என்பதால் அதில் 625 விழும். ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, முன்பின்னாக வருகின்றன. அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது இயற்பியல். 100க்கு 10, அதாவது பத்து விழுக்காடு தடுமாற்றம். 625க்கு 25, அதாவது நான்கு விழுக்காடு. ஒரே நிறமுள்ள சுவரில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பத்து விழுக்காடு மேலும் கீழுமாக இருந்தால் சுவர் சொரசொரப்பாகத் தெரியும். கலங்கலின் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. மின்சுற்றின் கோளாறு என்று நினைத்தால் தவறு. வந்து சேர்ந்த வெளிச்சமே போதவில்லை.

சின்னப் புள்ளிகளை ஒன்றுசேர்த்து விடலாமே என்று கேட்கலாம். சேர்க்கத்தான் செய்கிறார்கள். 108 மெகாபிக்சல் போன் வழக்கமான முறையில் மூன்றுக்கு மூன்று என ஒன்பது புள்ளிகளைக் கூட்டி ஒன்றாக்கி, 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. நம்பாதவர்கள் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து பார்க்கலாம். சின்ன உணரியில் ஒன்பது சேர்ந்தால் 900 துகள்கள், தடுமாற்றம் 30, அதாவது 3.3 விழுக்காடு. பெரிய உணரி நான்கு நான்காகச் சேர்த்து ஏறக்குறைய அதே 12 மெகாபிக்சல் படம் தரும்போது 2500 துகள்கள், தடுமாற்றம் 50, அதாவது 2 விழுக்காடு. கையில் கிடைக்கும் படத்தின் புள்ளிக் கணக்கு இப்போது இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் பெரிய உணரியின் படம் தெளிந்திருக்கிறது. புள்ளிகளைக் கூட்டலாம், பிரிக்கலாம். உணரியின் மொத்தப் பரப்பைக் கூட்ட எந்த மென்பொருளாலும் ஆகாது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று: இரவில் கேமரா செயலியில் உள்ள ‘108 எம்.பி.’ பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டால் சேர்ப்பு நின்றுவிடும். மேலும் அந்த உணரியில் ஒன்பது புள்ளிகளுக்கு ஒரே நிற வடிகட்டிதான் மேலே இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் மென்பொருள் ஊகித்துப் போடுவது. ஒரே காட்சியை இரண்டு முறையிலும் எடுத்து, பெரிதாக்கிக் கூந்தலையும் இருண்ட மூலையையும் ஒப்பிட்டால் தெரியும்: 108இல் கூந்தல் இழையிழையாக இராது, மெழுகு பூசியது போல இருக்கும், மூலையில் நிறத் திட்டுகள் மிதக்கும்.

சரி, ‘தெளிவுத்திறன்’ பகலிலாவது பொருந்துமா என்றால் அதிலும் முழுக்கப் பொருந்தாது. f/1.8 லென்ஸ் எவ்வளவு குறையில்லாமல் செய்யப்பட்டிருந்தாலும், ஒளியின் விளிம்பு விளைவால் ஒரு நுண்ணிய ஒளிப்பொட்டு உணரியில் சுமார் 2.4 மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் பரவித்தான் விழும். புள்ளியின் பக்கமோ 0.64. ஒரு பொட்டு நான்கு புள்ளிகளின் அகலத்தை அடைத்துக்கொள்ளும்போது, புள்ளிகளை மேலும் நறுக்குவதால் கிடைக்கும் நுணுக்கம் சொற்பம். அடுத்தடுத்த இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஆற்றலுக்கு ஒளியியலில் பிரிதிறன் என்ற சொல் இருக்கிறது. அது லென்ஸ், உணரி, கை நடுக்கம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து முடிவாவது. நல்ல வெயிலில், நல்ல லென்ஸில், பெரிதாக அச்சிடவோ ஒரு மூலையை வெட்டியெடுக்கவோ புள்ளிக் கணக்கும் அதற்குத் துணைசெய்யும். அந்தத் துணைக்காக முழுப் பட்டத்தையும் அதற்கே கொடுத்துவிட முடியாது.

ஒளித்துளையின் நிலைமை இன்னும் மோசம். f/1.8 என்பதை ‘1.8 மி.மீ. துளை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். f என்பது குவியத்தூரம். குறுக்கே உள்ள கோடு வகுத்தல் குறி. குவியத்தூரத்தை 1.8ஆல் வகுத்தால் வருவது துளையின் விட்டம். எண் சிறுத்தால் துளை பெருக்கும். f/1.8ஐ விட f/2.4 ‘அதிகம்’ என்று ஒப்பீட்டு அட்டவணைகளில் டிக் போடுவது அந்தக் கோட்டைக் கவனிக்காததால்தான், உண்மையில் f/2.4இல் வெளிச்சம் பாதியை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. துளைக்கு ஒளித்துளை என்றும், இந்த எண்ணுக்குத் துளை விகிதம் என்றும் பிரித்துச் சொன்னால் இந்தத் தவறு நேராது.

விகிதம் என்று சொன்னால்தான் அடுத்த உண்மையும் விளங்கும். சின்ன உணரி கொண்ட பின்பக்கக் கேமராவின் குவியத்தூரம் சுமார் 5.4 மி.மீ. அதில் f/1.8 என்றால் துளை 3 மி.மீ. ஓரங்குல வகை உணரியில் ஏறக்குறைய அதே அளவு காட்சியைப் பிடிக்க 8.7 மி.மீ. குவியத்தூரம் வேண்டும். அதில் f/1.9 என்றால் துளை 4.6 மி.மீ. காகிதத்தில் 1.8 நல்லது போலத் தெரிகிறது. வெளிச்சம் நுழையும் வாசல் பரப்பிலோ இரண்டாவது இரண்டு மடங்குக்கு மேல். உணரியையும் துளையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இதற்கு விலையும் உண்டு: பெரிய உணரியும் அகலத் துளையும் சேரும்போது குவியும் ஆழம் குறைகிறது. அருகில் வைத்து ஒரு தாளைப் படமெடுத்தால் நடு எழுத்து பளிச்சென்றும் ஓர எழுத்து மங்கியும் வரும்.

‘ஓரங்குலம்’ என்ற சொல்லும் நேர்மையானதல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த உணரியின் மூலைவிட்டம் 25.4 மி.மீ. அல்ல, சுமார் 16 மி.மீ. பழைய விடிகான் கேமராக் குழாய்களின் வெளிக்கண்ணாடி விட்டத்தை வைத்துப் பெயரிட்ட பழக்கம் இன்னும் தொடர்கிறது. ஆகவே ‘ஓரங்குல உணரி’ என்று எழுதாமல் ‘ஓரங்குல வகை உணரி’ என்று எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் முழுப் பழியையும் போட முடியாது. நிறுவனத்தின் அறிக்கை காலையில் வருகிறது, மதியத்துக்குள் தமிழில் வேண்டும் என்கிறார்கள். ஆனால் ‘108 மெகாபிக்சல் லென்ஸ்’ என்று எழுதும்போதாவது கை நிற்க வேண்டாமா? லென்ஸ் என்பது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ‘குறைந்த ஒளி செயல்திறன்’ என்கிறார்கள். ‘மங்கிய வெளிச்சத்தில் படம் எப்படி வருகிறது’ என்று கேட்கத் தமிழில் யாருக்குத் தடை? மூன்று கேமராக்களுக்கும் எண்ணை மட்டும் அடுக்கிவிட்டு, உணரி அளவை விட்டுவிடுகிறார்கள். அதனால் மறைவது பெரிது: பல போன்களில் இரவில் மூன்று மடங்கு ஜூம் அழுத்தினால் தொலைக் கேமரா வேலையே செய்வதில்லை, அதன் சிறு உணரிக்கு வெளிச்சம் போதாதென்று, முதன்மைக் கேமராவின் படத்தையே போன் வெட்டித் தருகிறது. ஜூம் அழுத்திவிட்டு முதன்மை லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருண்டால் வேலை செய்தது எது என்று தெரிந்துவிடும்.

அந்த முதல் வாக்கியத்தை இப்படி எழுதலாம்: “முதன்மைக் கேமராவில் 1/1.67 அங்குல வகை உணரி, துளை விகிதம் f/1.8, புள்ளிகள் 10.8 கோடி, வழக்கமாகத் தரும் படம் 1.2 கோடிப் புள்ளி.” உணரி அளவு அறிக்கையில் இல்லையென்றால், உணரியின் மாதிரிப் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் “உணரி அளவு வெளியிடப்படவில்லை” என்று எழுதுங்கள்.