இரண்டு டிக், இரண்டு பாதை: டெலிவரி ஊழியர் காட்டும் கியூஆருக்குப் பின்னால் நடப்பது

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, நான்காவது மாடி. பார்சல் மேல் ஒட்டிய சீட்டில் சிஓடி 749 ரூபாய் என்று அச்சாகியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் இருப்பது இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள். டெலிவரி ஊழியரிடம் சில்லறை இல்லை. "ஜிபே பண்ணட்டுமாப்பா?" "பண்ணிக்கோங்க சார்." ஊழியர் தன் செயலியில் அந்த ஆர்டரைத் திறந்து கியூஆரைக் காட்டுகிறார். வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார், 749 தானாக வந்து நிற்கிறது, பின் எண்ணைப் போடுகிறார், பச்சை டிக் வருகிறது. ஊழியரோ பார்சலைக் கொடுக்காமல் தன் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அதான் போயிடுச்சே, காட்டுதே" என்று வாடிக்கையாளருக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஆனால் ஊழியர் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளரின் டிக் ஒரு பாதையில் வருகிறது, ஊழியர் போனுக்கு வர வேண்டிய டிக் வேறொரு பாதையில் வருகிறது. இரண்டாவது பாதை கொஞ்சம் நீளம்.

முதலில் அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கியூஆர் என்பது படமாக வரைந்த ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். அதில் பணமும் இல்லை, ரகசியமும் இல்லை. நம் 749 ரூபாய்க்கான கியூஆரைப் பிரித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும் (முகவரியும் பெயரும் கற்பனை):

```
upi://pay?pa=cod.chn@xyzbank&pn=ABC%20Stores&mc=5999&tr=CHN482915&am=749.00&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. `pn` பெறுபவரின் பெயர், `mc` எந்த வகை வியாபாரம் என்று சொல்லும் நான்கு இலக்க எண், `am` தொகை, `cu` இந்திய ரூபாய். இவற்றில் டெலிவரிக்கு உயிர்நாடி `tr`. இந்த ஓர் ஆர்டருக்கென்று நிறுவனத்தின் சர்வர் உருவாக்கிய குறிப்பு எண் அது. ஒரு நாளில் ஒரே முகவரிக்கு ஆயிரக்கணக்கான பேர் பணம் போடுவார்கள். 749 ரூபாய் என்ற தொகையே பத்துப் பேரிடமிருந்து வரலாம். எந்த 749 எந்த வாசலைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது `tr` மட்டும்தான். பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் பெரும்பாலும் தொகையும் இந்த எண்ணும் இருக்காது. அதனால்தான் அங்கே நாமே தொகையைத் தட்டுகிறோம்.

மேலே உள்ள வரியில் 82 எழுத்துகள். 15 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும் நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு வரைந்தால் அது 37-க்கு 37 கட்டங்கள் கொண்ட கியூஆரில் அடங்கிவிடும். ஊழியரின் போன் திரையில் நாலைந்து கீறல் இருந்தாலும் ஸ்கேன் ஆவது இந்தப் பிழைதிருத்தத்தால்தான். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களில் ஒன்றின் மேல் விரிசல் ஓடினால் கதை வேறு. கேமரா முதலில் தேடுவதே அந்தச் சதுரங்களைத்தான். அவை கிடைக்காவிட்டால் திருத்துவதற்கு எழுத்தே கைக்கு வராது. கியூஆரைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடமும் வேண்டும். வெயிலில் நின்று காட்டும்போது ஸ்கேன் ஆகாவிட்டால் திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, போனைக் கொஞ்சம் சாய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு போனையும் முத்தமிடுகிற அளவுக்கு நெருக்கிப் பிடிப்பது உதவாது. கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்காது.

இனி பணத்தின் வழி. ஸ்கேன் ஆனதும் வாடிக்கையாளரின் செயலி அந்த வரியைப் படிக்கிறது. முகவரி உண்மையில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று யுபிஐ அமைப்பிடம் கேட்டுப் பெயரைக் காட்டுகிறது. பின் எண்ணைத் தட்டும் பக்கம் ஜிபேயுடையதோ போன்பேயுடையதோ இல்லை. யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ தந்த மென்பொருள் துண்டு அது. பின் எண் அங்கேயே குறியாக்கம் ஆகிவிடும். செயலிக்கே அது தெரியாது.

அங்கிருந்து கோரிக்கை என்பிசிஐக்குப் போகிறது. அது வாடிக்கையாளரின் வங்கியிடம் "749 எடு" என்கிறது. வங்கி பின்னைச் சரிபார்த்து, இருப்பைப் பார்த்து, தொகையைக் கழித்துக்கொண்டு பதில் சொல்கிறது. பிறகு என்பிசிஐ பெறுபவரின் வங்கியிடம் "749 வரவு வை" என்கிறது. அந்த வங்கியும் சரி என்றதும் என்பிசிஐயிலிருந்து இரண்டு பக்கமும் செய்தி கிளம்புகிறது. வாடிக்கையாளர் பக்கம் கிளம்பியது நேராக அவர் செயலிக்கு வந்து டிக்காக மாறுகிறது.

பெறுபவர் பக்கம் கிளம்பிய செய்திக்கு இன்னும் சில படிகள் பாக்கி. அது வங்கிக்கும், அங்கிருந்து, ஆன்லைன் பணத்தை வாங்கித் தருவதற்காக நிறுவனம் அமர்த்தியிருக்கும் பேமென்ட் கேட்வேக்கும் வருகிறது. கேட்வே `tr` எண்ணோடு சேர்த்து "இதற்குப் பணம் வந்துவிட்டது" என்று டெலிவரி நிறுவனத்தின் சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் CHN482915 எந்த ஆர்டர் என்று தேடி, தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஆர்டரைப் பணம் பெற்றதாகக் குறித்து, கடைசியாக ஊழியரின் போனுக்குத் தகவல் அனுப்புகிறது. எல்லாம் சரியாக இருந்தால் இத்தனையும் சில நொடிக்குள் முடியும். ஏதாவது ஒரு கண்ணியில் தாமதம் வந்தால் வாடிக்கையாளர் டிக் வாங்கியிருப்பார், ஊழியர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மிகச் சாதாரணமான காரணம் ஊழியரின் போனில் சிக்னல் இல்லாதது. லிஃப்ட் பக்கத்தில், பேஸ்மென்ட் பார்க்கிங்கில், தடித்த சுவர்களுக்கு நடுவே இது அன்றாடம் நடக்கும். பணம் நகர்வதற்கு ஊழியரின் போனில் இணையமே தேவையில்லை. ஏற்கெனவே இறங்கிய கியூஆர் திரையில் இருந்தால் போதும். வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிவதற்குத்தான் இணையம் வேண்டும். அப்போது காத்து நிற்பதைவிட ஜன்னல் பக்கம் நான்கு அடி நகர்ந்து, செயலியில் உள்ள ரீஃப்ரெஷ் பொத்தானை அழுத்துவது மேல். தகவல் தானாக வந்து சேருவதை எதிர்பார்ப்பதற்குப் பதில், போன் தானே சர்வரிடம் போய்க் கேட்கிறது. தவறிய செய்திக்கும் இப்போது விடை கிடைத்துவிடும்.

இன்னொரு வகைதான் தலைவலி. வாடிக்கையாளரின் வங்கி 749-ஐக் கழித்துவிட்டது. பெறுபவரின் வங்கியிலிருந்து நேரத்துக்குள் பதில் இல்லை. வாடிக்கையாளரின் திரையில் டிக் வராது, ‘நிலுவையில்’ என்று வரும். ஆனால் பணம் எடுக்கப்பட்டதாக வங்கியின் எஸ்எம்எஸ் வந்திருக்கும். அவர் அந்த எஸ்எம்எஸைக் காட்டுவார். பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் பணம் குறைந்திருப்பது உண்மை. நிறுவனத்துக்கு அது வரவாகவில்லை என்பதும் உண்மை. இதற்கு வாசலில் தீர்ப்பு கிடையாது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி நிலையைப் பார்க்கலாம். வரவில்லையென்றால் ரொக்கமாக வாங்கலாம், அல்லது பார்சலைத் திருப்பிக் கொண்டுபோகலாம். அதே கியூஆரை உடனே இரண்டாவது முறை ஸ்கேன் செய்வதுதான் மோசமான வழி. முதல் தொகையும் பிறகு போய்ச் சேர்ந்தால் ஒரே `tr` எண்ணுக்கு இரண்டு வரவு நிற்கும், ஒன்றைத் திருப்பி வாங்க அலைய வேண்டும்.

நிலுவையில் மாட்டிய பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்திருக்கிறது. வணிகருக்குப் போட்ட யுபிஐ பணம் கணக்கில் கழிந்து, வணிகரிடம் உறுதி கிடைக்காமல் போனால், பரிமாற்றம் நடந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதற்காக யாரும் போன் செய்து உங்கள் பின்னைக் கேட்கவோ, இன்னொரு கியூஆரை ஸ்கேன் செய்யச் சொல்லவோ மாட்டார்கள். பணம் திரும்பி வர பின் எண் தேவையே இல்லை.

வாடிக்கையாளரின் டிக்கை நம்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. பச்சை டிக், தொகை, நேரம், பன்னிரண்டு இலக்க எண் எல்லாவற்றோடும் போலித் திரையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டும் அந்த வேலையைச் செய்யும். அசலுக்கும் போலிக்கும் கண்ணால் வித்தியாசம் பிடிக்க முயல்வது வீண். போலித் திரையால் செய்ய முடியாதது ஒன்றே ஒன்று: நிறுவனத்தின் சர்வரில் அந்த `tr` எண்ணுக்கு வரவு வைக்க அதனால் முடியாது.

ஏமாற்று எதிர்ப் பக்கத்திலிருந்தும் வரலாம். ஊழியர் ஆர்டரின் கியூஆருக்குப் பதில் தன் சொந்தக் கியூஆரைக் காட்டினால் வாடிக்கையாளருக்கு இரண்டு அடையாளங்கள் கிடைக்கும். தொகை தானாக வராமல் பெட்டி காலியாக இருக்கும். பெயரிடத்தில் நிறுவனத்துக்குப் பதில் ஒரு தனி மனிதரின் பெயர் இருக்கும். எல்லாச் சமயமும் அது திருட்டு என்று சொல்ல முடியாது. செயலி தொங்கிப்போய், இன்னும் இருபது பார்சல் பாக்கி இருக்கும்போது, "என் நம்பருக்கே போடுங்க, நான் கட்டிடுறேன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிறுவனத்தின் ஏட்டில் அந்த ஆர்டர் ரொக்கமாக வசூலானது என்றே பதிவாகும். பின்னால் பொருளைத் திருப்பினால், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதற்கு நிறுவனத்திடம் எந்தச் சுவடும் இருக்காது.

ஊழியருக்கும் அதனால் இழுபறிதான். மாலை, பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் கிடங்கான ஹப்பில் அவருடைய கணக்கு இப்படி நடக்கும்: அன்றைக்கு அவர் பட்டுவாடா செய்த 14 சிஓடி பார்சல்களின் மொத்தம் 9,860 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கியூஆரில் வந்தவை 9 பார்சல், 6,412 ரூபாய். இது நேராக நிறுவனத்துக்குப் போய்விட்டதால் அவர் பெயரிலிருந்து தானாகக் கழிந்துவிடும். மீதி 3,448 ரூபாயை அவர் கையால் எண்ணிக் கட்ட வேண்டும். சொந்த நம்பருக்கு வாங்கிய 749 இந்த மீதிக்குள்தான் இருக்கும். அது அவருடைய வங்கிக் கணக்கில் கிடக்க, ஹப்பில் கட்ட வேண்டிய நோட்டு கையில் குறையும்.

நிலுவையில் நின்ற பார்சலுக்கு ரொக்கம் வாங்கியிருந்தால் நடப்பது வேறு. மாலை ஆறு மணிக்கு அந்த 749-ஐ அவர் நோட்டாகக் கட்டிவிடுகிறார். இரவு எட்டு மணிக்கு வங்கியின் தாமதமான பதில் கேட்வேக்கு வந்து, CHN482915-க்கு வரவு என்கிறது. சர்வர் பார்க்கும்போது அந்த ஆர்டர் ஏற்கெனவே ‘ரொக்கம் பெற்றது’ என்று மூடப்பட்டிருக்கிறது. ஒழுங்காக எழுதிய அமைப்பென்றால் அந்த வரவை ஊழியர் கணக்கில் தொடாமல், வந்த வழியிலேயே வாடிக்கையாளரின் வங்கிக்கு ரீஃபண்ட் அனுப்பிவிடும். ஒழுங்காக எழுதாத அமைப்பில் ஊழியரின் கணக்கில் 749 ரூபாய் அதிகமாகக் காட்டும். மறுநாள் காலை ஹப் மேலாளர் முதல் வேலையாக அதைப் பற்றித்தான் கேட்பார்.