ஆர்ச்சோட மையம் தெரியாம ரேடியஸ் கண்டுபிடிக்கிறது எப்படி

பழைய வீட்டு ஜன்னல் மேல இருக்கிற ஆர்ச்சுக்கு புதுசா கண்ணாடி போடணும்னா கண்ணாடி வெட்டுறவருக்கு ரேடியஸ் வேணும். ஆனா அந்த வட்டத்தோட மையம் ஜன்னலுக்கு நடுவுல எங்கயோ அந்தரத்துல இருக்கும், அங்க டேப்பை வச்சுப் பிடிக்க ஒண்ணுமே கிடையாது. அதனால ஆர்ச் தொடங்குற ரெண்டு முனைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டி அதோட நீளத்தை அளக்கணும், அப்புறம் நூலோட நடுவுல இருந்து நேர் மேல ஆர்ச் எவ்வளவு உயரம்னு அளக்கணும், அவ்வளவுதான். நீளம் 120 செ.மீ., உயரம் 20 செ.மீ.ன்னு வச்சுக்கலாம்.

இப்ப மையத்துல இருந்து நூலோட நடுவுக்கு ஒரு கோடு, நூலோட முனைக்கு ஒரு கோடு போட்டா ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்குது. ஒரு பக்கம் பாதி நூல், அதாவது 60. இன்னொரு பக்கம் ரேடியஸ்ல 20 கம்மி. சாய்ஞ்ச பக்கம் முழு ரேடியஸ். பித்தாகரஸ் போட்டுப் பார்த்தா ரெண்டு பக்கமும் இருக்கிற R² அடிபட்டுப் போயிடும், மிஞ்சுறது 40R = 3600 + 400, அப்போ R = 100 செ.மீ. பொதுவா எழுதினா இப்படி வரும், c நூல் நீளம், h நடு உயரம்:

```
R = c²/(8h) + h/2
```

ஆனா ஒரு விஷயம், ஆர்ச் நிஜமாவே வட்டத்தோட துண்டா இருந்தாதான் இது சரி. நீள்வட்டமா இருந்தாலும் ஃபார்முலா ஏதோ ஒரு நம்பரை குடுத்துடும், கண்ணாடி மட்டும் உட்காராது! அதனால நடுவுல இருந்து 30 செ.மீ. தள்ளி இன்னொரு உயரம் அளந்து பாருங்க. வட்டம்னா 15.4 வரணும், அதே அகலமும் உயரமும் உள்ள அரை நீள்வட்டம்னா 17.3 வரும். கிட்டத்தட்ட 2 செ.மீ. வித்தியாசம், டேப்லயே தெளிவா தெரிஞ்சிடும்.

ரொம்ப கவனமா அளக்க வேண்டியது நடு உயரத்தைத்தான். இங்க 1 செ.மீ. கூட அளந்துட்டா ரேடியஸ் 96-க்கு இறங்கிடும், பரவாயில்லன்னு தோணலாம், ஆனா அதே 120 நூலுக்கு உயரம் வெறும் 2 செ.மீ. இருக்கிற தட்டையான வளைவுல ரேடியஸ் 901, அங்க 2 மி.மீ. கூடிட்டாலே 819 ஆயிடும். இதுக்கு வழி நூலை நீளமாக்குறதுதான், ஏன்னா தட்டை வளைவுல நூல் ரெண்டு மடங்கானா உயரம் ஏறக்குறைய நாலு மடங்காகும், அளக்குறதுல வர்ற பிழை அப்படியேதான் இருக்கும்.

இந்திய ரயில்வேல தண்டவாள வளைவை அளக்க 20 மீட்டர் நூல் பிடிக்கிறது இதனாலதான். நடுவுல 100 மி.மீ. வந்தா ரேடியஸ் 500 மீட்டர், அதுல h/2-ங்கிறது வெறும் 5 செ.மீ., அதனால அந்தப் பகுதியை விட்டுட்டு 50000-ஐ மி.மீ. அளவால வகுத்தாலே மீட்டர்ல விடை வந்துடும்.