லாபத்தில் இருக்கும் கால் ஆப்ஷன்: மேல் ஸ்ட்ரைக்கை விற்றால் எவ்வளவு லாபம் பூட்டப்படுகிறது?

வாங்கிய கால் ஏறிவிட்டது. முழுவதும் விற்க மனமில்லை, வைத்திருக்கவும் பயம். அப்போது பலர் செய்வது, அதே எக்ஸ்பைரியில் மேல் ஸ்ட்ரைக் கால் ஒன்றை விற்று, அதை புல் கால் ஸ்பிரெட்டாக மாற்றுவது. நல்ல உத்திதான். ஆனால் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், திரையில் தெரியும் லாபம் இதனால் பத்திரமாகிவிட்டது என்றே நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை.

பங்கு 100-இல் இருந்தபோது 100 ஸ்ட்ரைக் காலை 5-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பங்கு 108-க்கு வந்ததும் கால் 9.5 ஆகிறது, கையில் தெரியும் லாபம் 4.5. இப்போது 110 ஸ்ட்ரைக் காலை 3.5-க்கு விற்கிறீர்கள். போட்ட 5-இல் 3.5 திரும்பி வந்துவிட்டது, மீதி 1.5 இன்னும் சந்தையில்தான் இருக்கிறது. எக்ஸ்பைரியில் பங்கு 100-க்குக் கீழே முடிந்தால் 4.5 லாபம் போய், 1.5 நஷ்டம் நிற்கும். 110-க்கு மேல் எங்கு முடிந்தாலும் லாபம் 8.5-ஐத் தாண்டாது.

நஷ்டமே வராத நிலை வேண்டுமென்றால், விற்றுக் கிடைக்கும் பிரீமியம் வாங்கிய விலையை விட அதிகமாக இருக்க வேண்டும். 105 ஸ்ட்ரைக் 6-க்குப் போகிறது என்றால் அதை விற்கலாம். பங்கு எவ்வளவு விழுந்தாலும் 1 லாபம் உறுதி. ஆனால் அதிகபட்சம் 6 மட்டுமே. (இதில் தரகுக் கட்டணத்தையும் வரியையும் நான் சேர்க்கவில்லை, சிறிய ஸ்பிரெட்டில் அந்த 1-ஐ அவையே தின்றுவிடலாம்.)

எனவே 110-ஐ விற்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, பங்கு எங்கே முடியும் என்று நினைக்கிறீர்கள் என்பதுதான். 106-க்குக் கீழே முடிந்தால், இன்றே 9.5-க்கு விற்று வெளியேறியிருப்பதே மேல். 113.5-க்கு மேலே போனால், ஒன்றும் செய்யாமல் காலை வைத்திருந்தவரே ஜெயிப்பார். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் இந்த ஸ்பிரெட் மற்ற இரண்டையும் விட அதிகம் தருகிறது. பங்கு மெதுவாக ஏறும், அல்லது இங்கேயே நிற்கும் என்று நினைப்பவருக்கு உகந்தது. விழும் என்று பயப்படுபவர் விற்றுவிடலாம்.

இன்னொன்று அடிக்கடி குழப்புகிறது. எக்ஸ்பைரிக்கு வெகு நாள் முன்பே பங்கு 112-ஐத் தொட்டால், ஸ்பிரெட்டின் மதிப்பு உடனே 10 ஆகாது. விற்ற காலிலும் நேர மதிப்பு ஒட்டியிருக்கும். அது கரையக் கரையத்தான் முழு லாபம் வரும். ‘பங்கு ஏறியும் லாபம் ஏறவில்லையே’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

வெளியேறும்போது இரண்டையும் ஒரே ஆர்டரில் முடியுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், விற்ற 110-ஐ முதலில் திரும்ப வாங்குங்கள். வாங்கிய 100-ஐ முதலில் விற்றால், விற்ற கால் துணையின்றி நிற்கும். மார்ஜின் தேவை சட்டென்று எகிறும், பங்கு ஏறினால் நஷ்டத்துக்கு வரம்பும் இருக்காது.