கன்டெய்னரின் மூலைத் துளை

நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர்களின் எட்டு மூலைகளிலும் நீள்வட்டத் துளைகள் இருக்கின்றனவே, அவை எதற்கு என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். உலக வணிகத்தை மாற்றியது பெட்டி என்றுதான் வழக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், பெருமையில் பாதி அந்தத் துளைக்குச் சேர வேண்டும்.

பெட்டி வருவதற்கு முந்தைய நிலையை ஒரு கப்பலைக் கொண்டு பார்ப்போம். 1954இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனுக்குச் சென்ற ‘வாரியர்’ கப்பலின் பயணத்தை ஆய்வாளர்கள் முழுமையாகக் கணக்கெடுத்தனர். ஏறத்தாழ 5,000 டன் சரக்கு, மூட்டையும் பீப்பாயும் அட்டைப்பெட்டியுமாக 1,94,582 உருப்படிகளாக இருந்தது. அவற்றை ஏற்றுவதற்கு 6 நாள்களும் இறக்குவதற்கு 4 நாள்களும் ஆயின; கடலைக் கடக்கப் பத்தரை நாள்களே பிடித்தன. மொத்தச் செலவில் கடற்பயணத்தின் பங்கு 11.5 விழுக்காடு மட்டும். இரு துறைமுகங்களிலும் ஆன செலவோ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கப்பலை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இந்தச் செலவு குறையாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இதை மாற்ற முயன்ற மால்கம் மெக்லீன் கப்பல்காரர் அல்லர், லாரி நிறுவனம் நடத்தியவர். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல், மேல்தளத்தில் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆயிற்று. இந்தக் கப்பலிலோ 16 சென்ட்டுக்கும் குறைவு என்று அவருடைய ஆள்கள் கணக்கிட்டனர்.

பெட்டியைச் செய்வது கடினமன்று. அதைத் தூக்குவதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், அலையில் சரியாமல் பிடித்து வைப்பதுமே கடினம். மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே விடை கண்டார். பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் உள்ளீடற்ற எஃகு வார்ப்புக் கட்டி ஒன்று இருக்கும். அதில்தான் மாணவி பார்த்த துளை உள்ளது. ‘ட்விஸ்ட் லாக்’ எனப்படும் பூட்டின் தலையும் அதே நீள்வட்ட வடிவம் கொண்டது. தலை துளைக்குள் நேராக நுழையும். நுழைந்தபின் 90 பாகை திருப்பினால் அதன் நீளம் துளையின் குறுகிய அகலத்துக்குக் குறுக்கே நின்றுவிடும், வெளியே வர வழியில்லை. திறக்க வேண்டுமானால் மறுபடி திருப்பினால் போதும்.

கிரேனிலிருந்து தொங்கும் சட்டத்தில் இத்தகைய தலைகள் நான்கு உண்டு. பெட்டியின் கூரையில் ஆள் ஏறிக் கொக்கி மாட்டத் தேவையின்றி, ஓட்டுநர் அறையில் இருந்தபடியே அவற்றைப் பூட்டித் தூக்குகிறார். லாரியின் அடிச்சட்டத்திலும் கப்பலின் மேல்தளத்திலும் இதே பூட்டு காத்திருக்கிறது. அடுக்கும்போது மேலுள்ள சுமை முழுவதும் கட்டிகளின் வழியாக நான்கு மூலைத் தூண்களில் இறங்குவதால், பக்கச் சுவருக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நெளிதகடு போதும். பல பெட்டிகளின் கதவிலுள்ள தகட்டில் 1,92,000 கிலோ என்று பொறித்திருக்கும். மேலே அடுக்கத் தக்க எடை அது.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறொன்று. 20 அடிப் பெட்டி உண்மையில் 20 அடி நீளம் இல்லை. அது 6,058 மில்லிமீட்டர். 40 அடிப் பெட்டி 12,192 மில்லிமீட்டர். இரண்டு சிறிய பெட்டிகளை முன்னும் பின்னுமாக, நடுவில் 76 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தால், ஒரு பெரிய பெட்டியின் இடத்தில் அவை மில்லிமீட்டர் பிசகாமல் அமர்கின்றன.

இத்தனை பொருத்தமும் தானாக வந்துவிடவில்லை. மெக்லீனின் பெட்டி 35 அடி, பசிபிக்கில் ஓடிய மேட்சன் நிறுவனத்தின் பெட்டி 24 அடி; பூட்டுகளும் வெவ்வேறு. டான்ட்லிங்கர் வற்புறுத்தியதால் 1963இல் மெக்லீன் பூட்டின் காப்புரிமையை யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என விட்டுக்கொடுத்தார். பின்னர் வந்த பன்னாட்டுத் தரம் அதை அடியொற்றியே எழுந்தது. தரக் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் மில்லிமீட்டருக்காக வாதாடுவோருக்குப் புகழும் கிடைப்பதில்லை, ஆய்வு நிதியும் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

அதன் பிறகு தொழிற்சாலையில் முத்திரையிட்ட பெட்டியைச் சேருமிடம் வரை பெரும்பாலும் திறக்க வேண்டியதில்லை என்றாயிற்று. களவு குறைந்தது, ஒரு பொருளின் பாகங்களை வெவ்வேறு நாடுகளில் செய்து ஓரிடத்தில் பொருத்துவது கட்டுப்படியாகும் செலவில் முடிந்தது. பெட்டிகளைப் பரப்பி வைக்க இடமில்லாத மன்ஹாட்டன் படகுத்துறைகள் வெறிச்சோடின. வேலை எதிர்க்கரையின் நியூவார்க், எலிசபெத் முனையங்களுக்குப் போனது. சுமை தூக்கிய பல்லாயிரம் பேரின் பிழைப்பும் போனது.

மூடிய பெட்டிக்கு ஒரு குறையும் உண்டு: உள்ளே எவ்வளவு எடை என்பது அனுப்புபவர் சொல்லும் கணக்குதான். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் உடற்பகுதி பிளந்த ‘எம்.எஸ்.சி. நேப்போலி’ கப்பலின் மேல்தளப் பெட்டிகளில் 660ஐ எடை போட்டபோது, 137 பெட்டிகள் அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டன. கனமான பெட்டி மேலடுக்கில் அமர்ந்தால் கப்பல் ஆடும்போது கீழ்ப்பெட்டிகளின் தூண்களும் பூட்டுகளும் தாங்காமல் முறியக்கூடும். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை தெரிவிக்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது பன்னாட்டு விதி.